ஒரு தடத்தில் லாரி குறைந்தால்: தீர்த்து முடித்த போக்குவரத்துக் கணக்கை இருமைச் சிம்ப்ளெக்ஸ் முறையால் மீட்பது

கேள்வி: வணக்கம் ஐயா. கோவை, உடுமலை, புளியம்பட்டி ஆகிய மூன்று கிடங்குகளிலிருந்து திருப்பூர், ஈரோடு, கரூருக்கு நூல் அனுப்பும் கணக்கைத் தீர்த்து வைத்திருக்கிறேன். அதில் கோவை–திருப்பூர் தடத்தில் 40 டன் போகிறது. இப்போது இரண்டு லாரிகள் எஃப்.சி.க்குப் போய்விட்டதால் அந்தத் தடத்தில் 15 டன்னுக்கு மேல் ஏற்ற முடியாதுங்க. கடைசி சிம்ப்ளெக்ஸ் அட்டவணையின் அடியில் x11 + s = 15 என்று ஒரு வரியைச் சேர்த்தேன். வலப்பக்கம் எல்லாமே நேர்ம எண்கள்தான். உகந்த தீர்வு என்றே அட்டவணை காட்டுகிறது. ஆனால் x11 இன்னும் 40 ஆகவே நிற்கிறது. எங்கே தவறு? முதலிலிருந்து மறுபடியும் போட வேண்டுமா?

பதில்:

முதலிலிருந்து போட வேண்டியதில்லை; இரண்டு பிவட்டுகளில் முடிந்துவிடக்கூடிய வேலை இது. தவறு ஒரே இடத்தில் இருக்கிறது. x11 உங்கள் தீர்வில் அடிப்படை மாறியாக இருக்கிறது. புதிய வரியிலிருந்து அதை விலக்காமலே வலப்பக்கத்து 15ஐ s-இன் மதிப்பு என்று படித்துவிட்டீர்கள். ஒரு வரியின் வலப்பக்க எண் அந்த வரிக்குரிய அடிப்படை மாறியின் மதிப்பாக இருக்க வேண்டுமானால், மற்ற அடிப்படை மாறிகள் அனைத்துக்கும் அந்த வரியில் கெழு சுழியாக இருக்க வேண்டும். உங்கள் வரியில் x11-க்கு 1 இருக்கிறது. s = 15, x11 = 40 என்று வைத்தால் கூட்டுத்தொகை 55 வருகிறது, 15 வருவதில்லை. s-இன் உண்மையான மதிப்பு 15 − 40, அதாவது −25. அந்தக் குறை எண் கண்ணில் பட்ட பிறகுதான் இருமைச் சிம்ப்ளெக்ஸ் முறைக்கு வேலை தொடங்குகிறது.

உங்கள் மற்ற எண்களை நீங்கள் குறிப்பிடவில்லை என்பதால், அதே அமைப்பில் நானே ஒரு கணக்கை வைத்துக்கொள்கிறேன். செலவு ஒரு டன்னுக்கு நூறு ரூபாய் அலகில். இருப்பும் தேவையும் டன்னில்.

| | திருப்பூர் | ஈரோடு | கரூர் | இருப்பு |
|---|---|---|---|---|
| கோவை | 6 | 10 | 14 | 55 |
| உடுமலை | 5 | 11 | 10 | 45 |
| புளியம்பட்டி | 4 | 7 | 12 | 20 |
| தேவை | 60 | 35 | 25 | 120 |

இதன் உகந்த தீர்வில் கோவையிலிருந்து திருப்பூருக்கு 40, ஈரோட்டுக்கு 15. உடுமலையிலிருந்து திருப்பூருக்கு 20, கரூருக்கு 25. புளியம்பட்டியின் 20 முழுவதும் ஈரோட்டுக்கு. மொத்தச் செலவு 880 அலகு, அதாவது 88,000 ரூபாய். மோடி முறையில் கோவைக்கு u = 0 என்று தொடங்கினால் திருப்பூர், ஈரோடு, கரூர் ஆகியவற்றின் v மதிப்புகள் 6, 10, 11 என்றும், உடுமலை, புளியம்பட்டியின் u மதிப்புகள் −1, −3 என்றும் வரும். காலியாக இருக்கும் நான்கு கட்டங்களுக்கு c − u − v கணக்கிட்டால், கோவை–கரூர் 3, உடுமலை–ஈரோடு 2, புளியம்பட்டி–திருப்பூர் 1, புளியம்பட்டி–கரூர் 4 என்று கிடைக்கின்றன. இந்த எண்ணை நிகரச் செலவு என்று அழைப்போம்: அந்தக் காலித் தடத்தில் ஒரு டன்னை வலிந்து அனுப்பினால், மற்ற தடங்களில் நேரும் மாற்றங்களையும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு கூடும் என்பதே அது. நான்கும் நேர்மமாக இருப்பதால்தான் இது உகந்த தீர்வு.

இனி x11-ஐக் காலிக் கட்டங்களின் வழியாக எழுத வேண்டும். சிம்ப்ளெக்ஸ் அட்டவணை கையில் இருந்தால் x11-க்குரிய வரியைப் புதிய வரியிலிருந்து கழித்தால் போதும். மோடி அட்டவணை மட்டும் இருந்தால் அப்படி ஒரு வரி எங்கும் எழுதப்பட்டிருக்காது. சமன்பாடுகளிலிருந்து நாமே வருவிக்க வேண்டும். கோவையின் இருப்பு, ஈரோட்டின் தேவை, புளியம்பட்டியின் இருப்பு ஆகிய மூன்று சமன்பாடுகளே இதற்குப் போதும்:

```
x11 + x12 + x13 = 55
x12 + x22 + x32 = 35
x31 + x32 + x33 = 20
```

கடைசியிலிருந்து x32-ஐ எடுத்து இரண்டாவதிலும், அதில் கிடைக்கும் x12-ஐ முதலாவதிலும் இட்டால்:

```
x11 = 40 - x13 - x31 - x33 + x22
s   = 15 - x11 = -25 + x13 + x31 + x33 - x22
```

இப்போது −25 வெளிப்படையாகத் தெரிகிறது. இதே நேரத்தில் செலவு வரியைப் பாருங்கள்: s-க்குச் செலவு ஏதும் இல்லை, ஆகவே புதிய வரியைச் சேர்த்ததால் நிகரச் செலவுகள் 3, 2, 1, 4 சிறிதும் மாறவில்லை. தீர்வு ஏற்புடையதாக இல்லை; ஆனால் உகந்த தன்மைக்கான நிபந்தனை அப்படியே நிற்கிறது. சாதாரணச் சிம்ப்ளெக்ஸ் இதற்கு நேர் எதிரான நிலையிலிருந்து தொடங்குகிறது: தீர்வு ஏற்புடையதாக இருக்கும், நிகரச் செலவுகளில் எங்காவது குறை எண் இருக்கும், அதை ஒவ்வொரு படியாக நீக்கும். இங்கே நிகரச் செலவுகளைக் கெடுக்காமல் காத்துக்கொண்டே வலப்பக்கத்துக் குறை எண்களை நீக்க வேண்டும். 1954-இல் லெம்கே வெளியிட்ட இருமைச் சிம்ப்ளெக்ஸ் முறை இந்த வேலையைத்தான் செய்கிறது. போக்குவரத்துக் கணக்கை ஹிட்ச்காக் 1941-இலேயே வகுத்துவிட்டார். தீர்த்த கணக்கில் பின்னர் ஒரு கட்டுப்பாடு வந்து சேரும் சூழலுக்கு லெம்கேயின் முறை மிக இயல்பாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து.

முறை இதுதான். குறை எண் உள்ள வரியின் மாறி வெளியேறும். அது இங்கே s. நுழைய வேண்டியது எது என்பதற்கு, s-ஐ மேலே தூக்கக்கூடிய காலி மாறிகளை மட்டும் பார்க்க வேண்டும். மேலே நான் எழுதியுள்ள வடிவத்தில் அவை நேர்மக் கெழு உடைய x13, x31, x33. (எல்லா மாறிகளையும் இடப்பக்கம் கொண்டுவந்து எழுதும் பாடநூல் அட்டவணையில் இவற்றின் கெழுக்கள் குறை எண்களாக இருக்கும், குறை எண்களை மட்டும் பார் என்று அங்கே சொல்லப்படுவதும் இதையே. இரண்டு வடிவங்களையும் கலந்துவிடுவதால் வரும் பிழைகளை நான் மாணவர் தாள்களில் நிறையப் பார்த்திருக்கிறேன்.) இவற்றுள் நிகரச் செலவைக் கெழுவின் அளவால் வகுத்துக் கிடைக்கும் விகிதம் எதற்கு மிகக் குறைவோ அதுவே நுழையும். விகிதங்கள் 3/1, 1/1, 4/1. ஆகவே புளியம்பட்டி–திருப்பூர், அதாவது x31, நுழைகிறது.

வரியின் பொருளை ஒரு முறை வரைபடத்தில் கண்டுவிட்டால் பிறகு குறிகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. ஆறு ஊர்களை ஆறு புள்ளிகளாக வைத்து, சரக்கு ஓடும் ஐந்து தடங்களைக் கோடுகளாக இணையுங்கள். அது சுற்று இல்லாத ஒரு மரமாக இருக்கும். அதில் கோவை–திருப்பூர் கோட்டை அறுத்துவிட்டால் ஊர்கள் இரண்டு கூட்டங்களாகப் பிரிகின்றன: ஒரு பக்கம் கோவை, புளியம்பட்டி, ஈரோடு, மறுபக்கம் உடுமலை, திருப்பூர், கரூர். முதல் கூட்டத்தில் 55 + 20 = 75 டன் இருப்பு இருக்கிறது, ஈரோடு எடுத்துக்கொள்வது 35. மிச்சம் 40 டன் எப்படியாவது மறுபக்கத்துக்குக் கடந்தே ஆக வேண்டும். இதுவரை அந்த 40 முழுவதும் கோவை–திருப்பூர் தடத்தின் வழியே கடந்தது. இனி 15 மட்டுமே கடக்கலாம் என்றால், மீதி 25 டன் கடக்க வேறு வழி வேண்டும். முதல் கூட்டத்திலிருந்து இரண்டாம் கூட்டத்துக்குச் செல்லும் காலித் தடங்கள் மூன்று: கோவை–கரூர், புளியம்பட்டி–திருப்பூர், புளியம்பட்டி–கரூர். உடுமலை–ஈரோடு எதிர்த் திசையில் கடக்கிறது. அதில் சரக்கை ஏற்றினால் கடக்க வேண்டிய பாரம் இன்னும் கூடும். எனவேதான் வரியில் அதன் குறி வேறாக நிற்கிறது. தனி ஒரு தடத்துக்கு மேல்வரம்பு வரும்போது கெழுக்கள் +1, −1, 0 ஆகியவற்றைத் தவிர வேறு எதுவும் ஆகா. எனவே விகிதச் சோதனை என்பது, சரியான திசையில் கடக்கும் தடங்களுள் நிகரச் செலவு மிகக் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பதாகவே சுருங்கிவிடுகிறது. வகுத்தலே தேவைப்படுவதில்லை.

முதல் பிவட்டை முடிப்போம். x31-க்குத் தீர்த்து மற்ற வரிகளிலும் செலவு வரியிலும் இட்டால்:

```
x31 = 25 + s - x13 - x33 + x22
x12 = 40 + s - x13
x32 = -5 - s + x13 - x22
z   = 905 + s + 2 x13 + 3 x22 + 3 x33
```

செலவு 880-லிருந்து 905 ஆகிறது. 25 டன்னும் டன்னுக்கு 1 அலகு கூடுதலாகக் கடந்திருக்கிறது. செலவு வரியில் எல்லாக் கெழுக்களும் நேர்மமாகவே இருக்கின்றன. விகிதச் சோதனையைச் சரியாகச் செய்திருக்கிறோம் என்பதற்கு அது சான்று. ஆனால் புளியம்பட்டி–ஈரோடு −5 என்று நிற்கிறது. புளியம்பட்டியில் இருப்பதே 20 டன். அங்கிருந்து திருப்பூருக்கு 25 அனுப்பச் சொல்லிவிட்டோம், ஆகவே ஈரோட்டிலிருந்து 5 டன் புளியம்பட்டிக்குத் திரும்பி வர வேண்டும் என்று கணக்கு கூறுகிறது. நடக்காத காரியம். பலர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள்: புதிய கட்டுப்பாடு நிறைவேறிவிட்டது, கோவை–திருப்பூர் சரியாக 15, செலவும் குறைவாகத் தெரிகிறது, வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். ஒவ்வொரு பிவட்டுக்குப் பிறகும் வலப்பக்கம் முழுவதையும் பார்க்க வேண்டும். வெளியேற்றிய வரியை மட்டும் பார்த்தால் போதாது. ஏற்புடைய தீர்வு கிடைக்கும் வரை z-இல் தெரியும் எண், உண்மையில் ஆகக்கூடிய செலவுக்கு ஒரு கீழ்வரம்பு மட்டுமே. 905-க்குக் குறைவாக எந்தத் திட்டத்தாலும் முடிக்க முடியாது என்று அது உறுதி கூறுகிறது. 905-இல் முடிக்கலாம் என்று கூறவில்லை.

இரண்டாம் பிவட்டில் x32 வெளியேறுகிறது. அதன் வரியில் நேர்மக் கெழு உடையது x13 ஒன்றே, ஆகவே கோவை–கரூர் தடம் நுழைகிறது. ஒப்பிட வேறு போட்டியே இல்லை.

```
x13 = 5 + s + x32 + x22
z   = 915 + 3 s + 2 x32 + 5 x22 + 3 x33
```

கோவை–கரூரில் 5 டன் ஏறியதும் கரூருக்கு உடுமலையிலிருந்து வருவது 20 ஆகக் குறைகிறது. உடுமலையில் மிஞ்சிய 5 திருப்பூருக்குப் போக, அங்கே 25 ஆகிறது. அதனால் புளியம்பட்டி–திருப்பூர் 20 ஆக இறங்குகிறது. கோவை–ஈரோடு 35 ஆகிறது. முழுத் திட்டம்:

| | திருப்பூர் | ஈரோடு | கரூர் | இருப்பு |
|---|---|---|---|---|
| கோவை | 15 | 35 | 5 | 55 |
| உடுமலை | 25 | – | 20 | 45 |
| புளியம்பட்டி | 20 | – | – | 20 |
| தேவை | 60 | 35 | 25 | 120 |

செலவை நேராகக் கூட்டிப் பாருங்கள்: 90 + 350 + 70 + 125 + 200 + 80 = 915. அட்டவணை கூறிய எண்ணுடன் ஒத்துப்போகிறது. இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்காதீர்கள். வருவித்த வரியில் ஒரு குறி மாறியிருந்தாலும் இங்கே பிடிபட்டுவிடும். u, v மதிப்புகளையும் புதிதாகப் போட்டுப் பார்க்கலாம். புதிய மரம் கோவை–ஈரோடு, கோவை–கரூர், உடுமலை–கரூர், உடுமலை–திருப்பூர், புளியம்பட்டி–திருப்பூர் ஆகிய ஐந்து தடங்களால் ஆனது. கோவை–திருப்பூரில் சரக்கு ஓடினாலும் அது மரத்தில் இல்லை. தன் மேல்வரம்பில் முட்டி நிற்கிறது. கோவைக்கு u = 0 எனத் தொடங்கினால் திருப்பூரின் v 9 ஆகிறது; எனவே கோவை–திருப்பூரின் நிகரச் செலவு 6 − 9 = −3. இந்தக் குறை எண்ணைக் கண்டு தீர்வு தவறு என்று கலங்க வேண்டாம். மேல்வரம்பில் நிற்கும் கட்டத்துக்கு நிகரச் செலவு குறை எண்ணாக இருப்பதே முறை: இன்னும் ஏற்ற முடிந்தால் செலவு குறையும், ஆனால் லாரி இல்லை என்பதே அதன் பொருள். அடியில் தனி வரியைச் சேர்க்காமல், u, v அட்டவணையிலேயே இந்த முழு வேலையையும் செய்ய முடிவதும் இந்த விதியால்தான்.

அந்த 3, z வரியில் s-இன் கெழுவாகவும் நிற்கிறது. இது கட்டுப்பாட்டின் விலை. அந்தத் தடத்தில் இன்னொரு டன் ஏற்ற இடம் கிடைத்தால் மொத்தச் செலவில் 300 ரூபாய் குறையும். சங்ககிரியிலிருந்தோ நாமக்கல்லிலிருந்தோ வாடகை லாரி ஒன்றைப் பிடிக்கலாமா என்று யோசிப்பவருக்கு இந்த எண்தான் தேவை: வழக்கமான 600 ரூபாய்க்கு மேல் டன்னுக்கு 300 ரூபாய் வரை கூடுதலாகக் கொடுத்தாலும் நட்டமில்லை. ஆனால் எத்தனை டன்னுக்கு என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். முதல் பிவட்டில் இந்த விலை 1 ஆக இருந்தது, இரண்டாம் பிவட்டில் 3 ஆனது. வரம்பை 40-லிருந்து மெல்லக் குறைத்துக்கொண்டு வந்தால், முதல் 20 டன்னைப் புளியம்பட்டி வழியாக டன்னுக்கு 1 அலகில் சமாளிக்கிறோம். வரம்பு 20 ஆகும்போது செலவு 900, புளியம்பட்டியின் இருப்பு முழுவதும் திருப்பூருக்குத் திரும்பிவிட்டது. அதற்குக் கீழே ஒவ்வொரு டன்னும் கரூர் வழியாகச் சுற்ற வேண்டியிருப்பதால் டன்னுக்கு 3 ஆகிறது; 900 + 15 = 915. ஆகவே வாடகை லாரியில் முதல் 5 டன்னுக்கு மட்டுமே 300 ரூபாய் மதிப்பு. அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு டன்னுக்கும் 100 ரூபாய்தான். பத்து டன் லாரி ஒன்றை முழு 300 கணக்கில் பேசி முடித்தால் 10 டன்னுக்கு 3,000 கூடுதலாகக் கொடுத்து 2,000 மட்டுமே மிச்சம் பிடித்திருப்பீர்கள்.

விகிதச் சோதனையில் தவறினால் என்ன ஆகும் என்பதையும் இதே கணக்கில் காட்டுகிறேன். முதல் படியில் x31-க்குப் பதிலாக, கோவைச் சரக்குதானே மிஞ்சுகிறது, கோவையிலிருந்தே கரூருக்கு அனுப்புவோம் என்று x13-ஐ நுழைத்தால், கோவை–கரூர் 25, உடுமலையின் 45 முழுவதும் திருப்பூருக்கு என்று ஒரே பிவட்டில் ஏற்புடைய தீர்வு வந்துவிடும். வலப்பக்கத்தில் குறை எண் ஒன்றும் இருக்காது. செலவு 955. பார்ப்பதற்கு வேலை முடிந்ததாகத் தோன்றும்; ஆனால் செலவு வரியில் x31-இன் கெழு 1 − 3 = −2 ஆகியிருக்கும். நுழையும் மாறியின் விகிதம் மிகச் சிறியதாக இல்லாவிட்டால் இப்படி வேறொரு மாறியின் நிகரச் செலவு குறை எண்ணாக மாறும் என்பதே இந்தச் சோதனை இருப்பதற்கான காரணம். இந்தத் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் 4,000 ரூபாய் வீணாகும். ஒரு பிவட்டு மிச்சமானது என்று மகிழ்வதற்கு முன்பு செலவு வரியைப் பார்த்துவிடுங்கள். அங்கே குறை எண் இருந்தால் அந்த இடத்திலிருந்து சாதாரணச் சிம்ப்ளெக்ஸைத் தொடர்ந்து 915-க்கு இறங்கலாம்.

நுழைய ஒரு மாறியும் இல்லாத நிலையும் வரும். கோவையிலிருந்து கரூருக்கு அனுப்பும் ஏற்பாடே கிடையாது, x13 கணக்கிலேயே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பிவட்டு முன்போலவே நடக்கும். அதன் பிறகு x32-இன் வரி இப்படி இருக்கும்:

```
x32 = -5 - s - x22
```

s, x22 இரண்டும் சுழிக்குக் குறையாதவை. ஆகவே x32 எந்நிலையிலும் −5-க்கு மேல் ஏற முடியாது. கணக்குக்கு ஏற்புடைய தீர்வே இல்லை என்பதற்கு இந்த ஒரு வரியே நிரூபணம். இதைத் திரும்பவும் ஊர்களின் மொழியில் படித்தால் காரணமும் தெரிந்துவிடும்: கோவையில் 55 டன் இருக்கிறது, திருப்பூருக்கு 15, ஈரோடு முழுவதும் கோவைச் சரக்கையே எடுத்துக்கொண்டாலும் 35, ஆக 50 டன்தான் வெளியேற முடியும். மிஞ்சும் அந்த 5 டன்தான் −5 என்று நிற்கிறது. இருமைச் சிம்ப்ளெக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது: முடியாது என்று கூறுவதோடு நிற்காமல், எந்த ஊரில் எத்தனை டன் சிக்கிக்கொள்கிறது என்பதையும் அந்த வரியே காட்டிக்கொடுக்கிறது. அப்போது செய்ய வேண்டியது, கோவையில் 5 டன்னை இருப்பில் வைக்க அனுமதிக்கும் வகையில் மாதிரியை மாற்றுவது. மேலும் பிவட்டு செய்து பயனில்லை.

நுழையும் மாறியின் நிகரச் செலவு சுழியாக இருந்தால் பிவட்டுக்குப் பிறகும் z மாறாது. அந்தப் பிவட்டோடு ஏற்புடைய தீர்வும் கிடைத்துவிட்டால், பழைய கணக்குக்கு மாற்று உகந்த தீர்வு ஒன்று முன்பே இருந்திருக்கிறது, புதிய கட்டுப்பாடு நம்மை அதற்குத் தள்ளியிருக்கிறது என்று அதற்குப் பொருள். கட்டுப்பாடு வந்த தடம் காலியாக இருந்தாலோ, அதில் ஓடுவது வரம்புக்குள் இருந்தாலோ s நேர்மமாகவே வரும். அப்போது செய்ய ஒன்றுமில்லை.

கடைசியாக, உங்கள் கட்டுப்பாடு உண்மையில் ஒரு தடத்துக்கு மட்டும் உரியதா என்று ஒரு முறை யோசித்துப் பாருங்கள். எஃப்.சி.க்குப் போன லாரிகள் புளியம்பட்டியிலிருந்து சேவூர், அவினாசி வழியாகத் திருப்பூர் வரும் லோடையும் ஏற்றிக்கொண்டிருந்தவை என்றால், வரம்பு x11-க்கு மட்டும் உரியதாகாது. x11 + x31 என்ற கூட்டுத்தொகைக்கு உரியதாகும். கூட்டு வரம்பு 30 டன் என்று கொள்வோம். x11-இன் வரியை இட்டால்:

```
x11 + x31 = 40 - x13 - x33 + x22
s = 30 - (x11 + x31) = -10 + x13 + x33 - x22
```

x31 வரியிலிருந்தே மறைந்துவிட்டது. முன்பு மிக மலிவான தீர்வாக இருந்த புளியம்பட்டி–திருப்பூர் தடம் இங்கே ஒரு டன்னுக்குக்கூட உதவாது, ஏனெனில் அதில் ஏற்றுவதும் அதே லாரிகளில்தான் ஏறுகிறது. விகிதங்கள் 3, 4. கோவை–கரூரில் 10 டன் நுழைந்து, ஒரே பிவட்டில் 910 அலகில் தீர்வு முடிகிறது. மரத்தை வெட்டிப் பார்க்கும் குறுக்குவழி, தனித் தடத்தின் வரம்புக்கு மட்டுமே அப்படியே பொருந்தும். கூட்டு வரம்புகளில் கெழுக்கள் ஒன்றுக்கு மேலும் போகலாம், விகிதத்துக்கு உண்மையாகவே வகுக்க வேண்டியிருக்கலாம், டன்கள் பின்னமாகவும் வரலாம். முழு லோடுகளாகவே அனுப்ப வேண்டியவர்களுக்கு அது தனிச் சிக்கல். தனித் தட வரம்பில், இருப்பும் தேவையும் வரம்பும் முழு எண்களாக இருந்தால், மேலே கண்டதுபோல விடையும் முழு எண்களாகவே வரும். ஆகவே x11 + s = 15 என்று எழுதுவதற்கு முன்பு, அந்த 15 டன் கோவை–திருப்பூர் தடத்துக்கு மட்டும் உரியதா, புளியம்பட்டியிலிருந்து திருப்பூர் வரும் லோடுக்கும் சேர்த்தா என்பதை லாரி புக்கிங் பார்ப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.